பிறக்கும் முன்பே பத்து வருஷ அனுபவம்!

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். வேலைக்கு விண்ணப்பிக்கும் தளத்தில் ஒரு கேள்வி, அதன் கீழே ஒரு சின்னக் கட்டம். ஃபாஸ்ட்ஏபிஐ-யில் உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்பது கேள்வி. கட்டத்தில் எண் மட்டும்தான் போட முடியும். விளம்பரத்தின் மேல்பகுதியில் ‘குறைந்தது 10 வருஷம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“அண்ணா, 4 போட்டா மெஷினே வெளியே தள்ளிடும். 10 போட்டா பொய். என்னதான் போடுறது?”

ஃபாஸ்ட்ஏபிஐ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: உங்கள் செல்போன் ஆப் கேட்கும் தகவலை சர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நிரலை பைத்தான் மொழியில் விரைவாக எழுத உதவும் கருவி அது. வெளிவந்தது 2018 டிசம்பரில். அதோடு பத்தைக் கூட்டினால் 2028 டிசம்பர். அதற்கு முன் பத்து வருஷ ஃபாஸ்ட்ஏபிஐ அனுபவம் உள்ள மனிதர் பூமியில் எங்கேயும் இருக்க முடியாது. அதை உருவாக்கியவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உருவாக்கியவருக்கே இது நடந்திருக்கிறது. அவர் பெயர் செபாஸ்தியன் ராமிரெஸ். 2020 ஜூலையில் அவர் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். ஃபாஸ்ட்ஏபிஐ-யில் நான்கு வருஷத்துக்கு மேல் அனுபவம் கேட்கும் வேலை விளம்பரம் ஒன்றைப் பார்த்தாராம். அந்தக் கருவியை உருவாக்கியே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்பதால் தன்னால் விண்ணப்பிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதே மாதம், ஐபிஎம்மின் விளம்பரம் ஒன்று குபர்னெட்டிஸில் பன்னிரண்டு வருஷ அனுபவம் கேட்டது. சர்வர்களில் ஓடும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நிரல் பெட்டிகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள் குபர்னெட்டிஸ். கூகுள் அதைப் பொதுவில் வைத்தது 2014 ஜூனில். அந்த விளம்பரம் வந்தபோது அதற்கு ஆறு வயது.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், தம்பியின் கட்டத்தில் கர்சர் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பத்து யாருடையது?

ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றில் பல வருஷம் இருந்த தோழியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “அது டெக்னாலஜிக்கான நம்பரே இல்லை சார். சம்பளத்துக்கான நம்பர்.”

விஷயம் இதுதான். பெரிய கம்பெனிகளில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கிரேடு உண்டு. ஒவ்வொரு கிரேடுக்கும் இத்தனை வருஷம் என்று ஒரு வரம்பும், அதற்கேற்ற சம்பள வரம்பும் உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்பும் இடைத்தரகுக் கம்பெனிகளிலும் அப்படித்தான். ஆறு வருஷக்காரருக்கு க்ளையன்ட் தரும் தொகை வேறு, பத்து வருஷக்காரருக்குத் தரும் தொகை வேறு. ஆகவே, ஒரு ‘லீட்’ பதவி காலியானால் அதோடு ‘10+’ என்ற எண்ணும் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். அது அந்த நாற்காலியின் எண்.

இன்னொரு பக்கம், டீமின் மேனேஜர் தனக்கு என்ன வேண்டும் என்று நாலு வரி மெயில் எழுதுவார். ஃபாஸ்ட்ஏபிஐ, போஸ்ட்கிரெஸ், குபர்னெட்டிஸ், சின்னப் பிள்ளைகளை வழிநடத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் சேர்த்து ஜேடி, அதாவது வேலை விவரம், தயாரிக்க வேண்டியவர் ஹெச்.ஆரில் இருக்கும் ஒருவர். ஒரே நாளில் பல பதவிகளுக்கு ஜேடி போட வேண்டியவர் அவர். போன வருஷம் ஜாவா லீடுக்குப் போட்ட கோப்பைத் திறக்கிறார். அதில் ‘ஜாவாவில் 10 வருஷத்துக்கு மேல் நேரடி அனுபவம்’ என்று இருக்கிறது. ஜாவா 1995-இல் வந்தது என்பதால் அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. ஜாவாவை அழித்து ஃபாஸ்ட்ஏபிஐ என்று அடிக்கிறார். வரி அப்படியே நிற்கிறது. மேனேஜர் அதைத் திரும்பப் படிப்பதில்லை. தளத்தில் ஏற்றும்போது அதே எண்ணிலிருந்து வடிகட்டும் கேள்வி ஒன்றும் உருவாகிவிடுகிறது.

“பாதி ஜேடி இப்படித்தான் சார் பிறக்குது” என்றார் தோழி. பாதியோ கால்வாசியோ, நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால், நாற்காலிக்குரிய எண் கருவியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது என்று புரிந்துவிட்டால், விளம்பரத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும். சிரிப்பதற்கு முன் ஆங்கில வாக்கியத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் ஒன்றல்ல:

```
10+ years in backend development, including FastAPI
10+ years in FastAPI
```

முதல் வரியில் பத்து, சர்வர் பக்க வேலை முழுவதற்கும் உரியது. ஃபாஸ்ட்ஏபிஐ அதில் ஒரு பகுதி மட்டும். நியாயமான வரி. அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கேலி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் கேள்வி இரண்டாவது வரியைப் பற்றி.

பிறந்த தேதி பார்க்கலாம்

ஒரு தொழில்நுட்பத்தின் வயதைக் கணக்கிட ஒரு தேதி போதாது. பொதுவில் வந்த நாள் ஒன்று, நிலையான முதல் பதிப்பு வந்த நாள் ஒன்று, நம் ஊர்க் கம்பெனிகள் அதை நம்பி வேலையில் இறக்கிய காலம் ஒன்று. மூன்றும் வேறு வேறு.

குபர்னெட்டிஸையே எடுத்துக்கொள்வோம். பொதுவில் வந்தது 2014 ஜூன். 1.0 பதிப்பு 2015 ஜூலை. பல கம்பெனிகள் குபர்னெட்டிஸை அமேசான் க்ளவுடில் இகேஎஸ் என்ற சேவையாக வாங்கித்தான் பயன்படுத்துகின்றன. அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது 2018 ஜூனில். ஆக, குபர்னெட்டிஸில் பத்து வருஷம் என்பது 2024-க்குப் பிறகு கணக்குப்படி சாத்தியம்தான். ஆனால் அப்படிப்பட்டவர், அது பச்சைக் குழந்தையாக இருந்தபோதே தூக்கி வளர்த்த வெகு சிலரில் ஒருவராக இருக்க வேண்டும். அதே விளம்பரம் இகேஎஸ்ஸில் பத்து வருஷம் கேட்டால், 2028 ஜூன் வரை காத்திருக்கத்தான் வேண்டும். கணக்கில் சாத்தியம், நடைமுறையில் அரிது என்ற இந்த நடு ரகம்தான் அதிகம் ஏமாற்றும். அது பார்த்தவுடன் அபத்தமாகத் தெரியாது.

தேதியை எங்கே பார்ப்பது? திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் கிட்ஹப் பக்கத்தில் ‘ரிலீஸ்’ பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனால் ஓரளவு தெரிந்துவிடும். கமாண்ட் அடிக்கத் தெரிந்தவர்கள், மென்பொருளின் நிரலை இறக்கிக்கொண்டு அந்த ஃபோல்டரில் நின்று இப்படி அடித்தால், பழைய பதிவுகளின் தேதிகள் முதலில் வரும்:

```
git log --reverse --date=short --format=%ad | head -3
```

இதிலும் வேடிக்கை உண்டு. கூகுள் 2009-இல் வெளியிட்ட ‘கோ’ மொழியின் நிரலில் இதை அடித்துப் பாருங்கள். முதல் பதிவின் தேதி 1972 என்று வரும். சி மொழிப் புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவரான பிரையன் கெர்னிகனின் பெயரில், ஒரு பழைய ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலை வேண்டுமென்றே முதலில் செருகி வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் பார்த்தால் ‘கோ’வில் ஐம்பது வருஷ அனுபவம் கேட்கலாம் போலிருக்கிறது! ஆகவே, கமாண்ட் சொல்வதை வெளியீட்டு அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் மாறிய கருவிகளிலும் கவனம் வேண்டும். ஆங்குலர்ஜேஎஸ் 2010-இல் வந்தது. அதை அடியோடு மாற்றி எழுதிய ஆங்குலர் 2016 செப்டம்பரில் வந்தது. விளம்பரம் வெறும் ‘ஆங்குலர்’ என்று சொன்னால் பழையதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்களோ என்னவோ. அதை அபத்தம் என்று ஒதுக்காமல் கேட்டுத் தெளிவதே நல்லது.

தம்பியின் விளம்பரம்

இனி அந்த விளம்பரத்துக்கு வருவோம். தம்பிக்கு மொத்தம் ஒன்பது வருஷ அனுபவம். ஐந்து வருஷம் ஜாங்கோவில், மீதி நான்கு ஃபாஸ்ட்ஏபிஐ-யில். இரண்டுமே பைத்தான்.

முதல் வரியிலேயே மனசு உடைந்து போனவரை, விளம்பரத்தின் கடைசிப் பகுதியைப் படிக்கச் சொன்னேன். எண்களை விட்டுவிட்டு, தினமும் என்ன வேலை செய்யச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். பணப் பரிமாற்ற ஆப் ஒன்றுக்குச் சர்வர் பக்கத்தை வடிவமைக்க வேண்டும். நான்கு பேர் எழுதும் நிரலைச் சரிபார்க்க வேண்டும். பழைய ஜாங்கோ நிரலைப் புதியதற்கு மாற்ற வேண்டும். சம்பள வரம்பும் போட்டிருந்தார்கள். இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஆகாயத்தில் இல்லை. ஆக, இது ஒன்பது, பத்து வருஷம் வேலை பார்த்த ஒருவருக்கான லீட் நாற்காலி. அவர் அந்த நாற்காலிக்கு ஒரு வருஷ தூரத்தில்தான் இருக்கிறார். விளம்பரத்தில் தப்பு, பத்தில் இல்லை. பத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

இதே விளம்பரத்தை மொத்தமே நான்கு வருஷ அனுபவம் உள்ளவர் பார்த்தால் என் பதில் வேறு. கருவிக்கே பத்து வயசு ஆகவில்லையே என்ற வாதம் சரியானதுதான். ஆனால் நாற்காலி அவருக்கானதல்ல. வரியில் இருக்கும் பிழையைக் கண்டுபிடித்துவிட்டதால் கிரேடு இறங்கி வந்துவிடாது.

கட்டத்தில் 4 என்று போடச் சொன்னேன். தயங்கினார். அனுபவச் சான்றிதழையும் பி.எஃப். கணக்கின் பணி விவரத்தையும் வைத்துத்தான் கம்பெனிகள் பின்னணி சரிபார்க்கின்றன, எந்தக் கருவியில் எத்தனை வருஷம் என்பதை யாரும் பார்ப்பதில்லை, நண்பர்கள் எல்லோரும் 10 என்றே போடுகிறார்கள் என்றார். சொன்னது உண்மைதான். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதைத்தான் தோண்டுவார்கள். ஆனால் இன்டர்வியூவில் எதிரே உட்காரப் போகிறவர் ஃபாஸ்ட்ஏபிஐ-யில் வேலை செய்பவர். அவருக்கு அதன் வயசு தெரியும். கட்டத்தில் போட்ட எண் அச்சாகி அவர் கையில் இருக்கும். 10 என்று பார்த்த நொடியே அவர் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படிக்க ஆரம்பிப்பார். நான்கு வருஷம் உண்மையாகச் செய்த வேலையும் அந்தச் சந்தேகத்தில் அடிபட்டுப் போகும்.

4 போட்டால் வடிகட்டி வெளியே தள்ளிவிடுமே? தள்ளலாம். அதனால்தான் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். அந்தக் கம்பெனிக்குள் தெரிந்தவர் இருந்தால் ரெஃபரல் கேட்கலாம். அவர் கொடுக்கும் ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் ஒரு மனிதர் திறந்து பார்ப்பார். தெரிந்தவர் இல்லையென்றால், விளம்பரத்தைப் போட்டவரின் பெயரைத் தளத்திலேயே பார்த்து எழுதலாம். தம்பி ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“வணக்கம். பைத்தான் சர்வர் பக்க வேலையில் எனக்கு 9 வருஷ அனுபவம். அதில் கடைசி 4 வருஷம் ஃபாஸ்ட்ஏபிஐ. அது 2018 டிசம்பரில் வந்த கருவி என்பதால், விளம்பரத்தில் உள்ள 10 வருஷம் மொத்த அனுபவத்தைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சரிதானா என்று சொல்ல முடியுமா? ஜாங்கோவிலிருந்து மாற்றும் வேலையை ஒருமுறை முழுதாகச் செய்திருக்கிறேன். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.”

இதில் கேலி இல்லை. ‘உங்கள் விளம்பரம் தப்பு’ என்ற வார்த்தையும் இல்லை. தேதி இருக்கிறது. தப்பைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு கௌரவமான வழியும் இருக்கிறது. முக்கியமாக, சின்ன எண்ணைப் பெரிய எண்ணுக்குள் வைத்திருக்கிறார்: ஒன்பதில் நான்கு. வெறும் நான்கு என்று சொல்வதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

ரெஸ்யூமேயிலும் ஒரு வரி மாறியது. முதலில் ‘ஃபாஸ்ட்ஏபிஐ – 4 வருஷம் – நிபுணர்’ என்று எழுதியிருந்தார். எல்லோரும் எழுதும் வரி. அந்த நான்கு வருஷத்தில் ராத்திரி தூக்கம் கெட்டது எப்போது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஃபாஸ்ட்ஏபிஐ, உள்ளே வரும் தகவல் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்க, பைடான்டிக் என்ற இன்னொரு கருவியை நம்பியிருக்கிறது. 2023-இல் பைடான்டிக்கின் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய பெயர்கள் பல மாறின. `.dict()` என்றிருந்தது `.model_dump()` ஆனது. `orm_mode` என்றிருந்தது `from_attributes` ஆனது. பெயர் மாற்றம் சுலபம், தேடி மாற்றிவிடலாம். தொல்லை கொடுத்தது வேறு. முதல் பதிப்பில், எழுத்து வரவேண்டிய இடத்தில் எண் வந்தால் கருவியே அதை எழுத்தாக மாற்றிக்கொள்ளும். இரண்டாம் பதிப்பு அப்படிச் செய்யாமல் பிழை என்று திருப்பி அனுப்பும். இவர்களுடைய பழைய மொபைல் ஆப் வாடிக்கையாளர் எண்ணை மேற்கோள் குறி இல்லாமல், வெறும் எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனையில் எல்லாம் பாஸ். நேரடியாக இறக்கிய அன்று பழைய ஆப் வைத்திருந்தவர்கள் யாருக்கும் வேலை செய்யவில்லை. எல்லாக் கோரிக்கையும் 422 என்ற பிழை எண்ணோடு திரும்பியது. பழைய பதிப்புக்குத் திரும்பிப்போய், எந்தெந்த இடத்தில் எண் வருகிறது என்று லாகில் தேடி, அந்த இடங்களில் மட்டும் தளர்வு கொடுத்து மறுபடி இறக்கினார்கள்.

“இதைத்தான் எழுதணும்” என்றேன். இரண்டே வரியில் எழுதினார். பத்து வருஷம் என்று பொய்யாகப் போட்டவரால் அந்த இரண்டு வரியை எழுத முடியாது. எழுதினாலும், அடுத்த கேள்விக்குத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

“நாங்களே மாத்திக்கிறோம் சார்”

நடுவில் வேறொரு கன்சல்டன்சியிலிருந்து தம்பிக்குப் போன் வந்தது. அதே போன்ற பதவி, வேறு க்ளையன்ட். “ஃபாஸ்ட்ஏபிஐ டென் இயர்ஸ்னு நாங்களே ரெஸ்யூமேல மாத்திக்கிறோம் சார், நீங்க ஓகே மட்டும் சொல்லுங்க” என்றார்களாம். விளம்பரத்தில் இருக்கும் அபத்த எண்ணைவிட இதுதான் ஆபத்து. விளம்பரத்தின் பிழை அவர்களுடையது. இது உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரோடு க்ளையன்ட் கைக்குப் போகிறது. என்ன மாற்றினார்கள் என்பதுகூட இன்டர்வியூவில் உட்காரும்வரை உங்களுக்குத் தெரியாது. நான் அனுப்பியதை அப்படியே அனுப்புங்கள், அனுப்பிய பிரதியை எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று மெயிலில் கேட்க வேண்டும், போனில் அல்ல. தம்பி கேட்டார். பதிலே வரவில்லை. போனது நல்லது என்று விட்டுவிட்டார்.

பணம் கட்டச் சொல்லும் விளம்பரத்தில் எண்ணை ஆராய ஒன்றுமே இல்லை. பதிவுக் கட்டணம், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடலாம். ஒரே ஆளிடம் மொபைல் ஆப், க்ளவுட், டேட்டா சயின்ஸ், எஸ்ஏபி எல்லாவற்றிலும் பத்துப் பத்து வருஷம் கேட்பவர்களும் உண்டு. அங்கே வேலையில் சேர்ந்தாலும், மூன்று பேர் வேலை ஒருவர் தலையில்தான் விழும் என்பது என் எண்ணம்.

தம்பியின் செய்திக்கு நான்காம் நாள் பதில் வந்தது. “டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ்தான் கேட்டிருக்காங்க சார், நைன் இஸ் ஃபைன்.” அவ்வளவுதான். மூன்று சுற்று இன்டர்வியூ. இரண்டாவது சுற்றில் எதிரே இருந்தவர், அந்த டீமின் மேனேஜர், ரெஸ்யூமேயின் அந்த இரண்டு வரியை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார். தளர்வை எல்லா இடத்துக்கும் ஏன் கொடுக்கவில்லை, பழைய ஆப் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்ற வழக்கமான கேள்வி வந்திருக்கிறது. தம்பிக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது போல. ஃபாஸ்ட்ஏபிஐ-யில் பத்து வருஷம் கேட்டிருந்தீர்களே, வேறு ஏதாவது மனதில் வைத்திருந்தீர்களா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

மேனேஜர் விளம்பரத்தை அப்போதுதான் திறந்து பார்த்தாராம்.

“பத்தா? நான் மெயில்ல மூணுன்னுதானே எழுதினேன்!”